மேசையில் நிற்க மறுத்த விளக்கு: ஒரு பிஎன்ஜி கோப்பின் ஓரம் வெட்டிய கதை

ஆறு மேசை விளக்குகளுக்கு ஆறு பக்கங்கள் வடிவமைக்க வேண்டியிருந்தது. படங்களின் பின்னணியை வேறொருவர் ஏற்கெனவே நீக்கி, பிஎன்ஜி கோப்புகளாக அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றும் 2400 பிக்சல் அகலம், 2400 பிக்சல் உயரம். என் பக்கம் 1800 பிக்சல் சதுரம். இங்க்ஸ்கேப் என்ற வடிவமைப்பு மென்பொருளில் முதல் விளக்கைப் பாதி அளவில், அதாவது 1200 பிக்சலாகச் சுருக்கி, பக்கத்தில் இடவலமாக நடுவே வைத்தேன். இடமிருந்து 300, மேலிருந்து 200. கீழ் ஓரம் 1400இல் முடியும். அதே 1400இல்தான் மேசையின் விளிம்பாக ஒரு கோடு வரைந்திருந்தேன். கணக்குப்படி விளக்கு மேசை மேல் கச்சிதமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

பக்கத்தைப் பார்த்த நண்பர் முதலில் கேட்டதே, "விளக்கை எதில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள்?" என்றுதான். விளக்கின் அடிப்பாகம் கோட்டுக்கு நான்கு விரல் மேலே அந்தரத்தில் நின்றது. பக்கத்தின் நடுவிலும் அது இல்லை; சற்று இடப்புறம் ஒதுங்கியிருந்தது.

காரணம் தெரிந்ததுதான். வடிவமைப்பு மென்பொருளுக்கு விளக்கு என்று ஒன்று கிடையாது. அதற்குத் தெரிவது 2400க்கு 2400 என்ற சதுரச் சட்டம் மட்டுமே. நடுவில் வை என்றால் சட்டத்தை நடுவில் வைக்கும், கோட்டோடு ஒட்டு என்றால் சட்டத்தின் கீழ் ஓரத்தை ஒட்டும். விளக்கோ அந்தச் சட்டத்துக்குள் எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. பிற்பாடு சரியாக அளந்தபோது, விளக்கு இடப்பக்கம் 612ஆவது பிக்சலில் தொடங்கி 1706இல் முடிந்தது. மேலே 388, கீழே 2132. கீழே மட்டும் 268 பிக்சல் வெறுமை. பாதி அளவில் அது 134 பிக்சல். நண்பர் பார்த்த அந்தரம் அதுதான். விளக்கின் நடுப்புள்ளி 1159இல் இருந்தது, சட்டத்தின் நடுப்புள்ளியோ 1200. பக்கத்தில் 20 பிக்சல் இடப்புறம் ஒதுங்கியதற்கு அதுவே விளக்கம்.

கையால் நகர்த்திச் சரிசெய்திருக்கலாம். ஒரே ஒரு பக்கமென்றால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆறு பக்கங்களிலும் கண்ணளவில் நகர்த்தினால் ஒவ்வொரு விளக்கும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். அடுத்த முறை அளவை மாற்றும்போது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே வெற்று ஓரத்தைக் கோப்பிலேயே வெட்டிவிட முடிவு செய்தேன். இரண்டு நிமிட வேலை என்று நினைத்தேன்.

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் கோப்பைத் திறந்து `Image → Crop to Content` கொடுத்தேன். திரையில் எதுவும் அசையவில்லை. தலைப்புப் பட்டையில் இன்னமும் 2400×2400. மறுபடி கொடுத்தேன். அப்போதும் அதே. ஐந்தாவது, ஆறாவது விளக்குகளில் இதே கட்டளை ஒழுங்காக வேலை செய்தது என்பதால் சந்தேகம் கோப்பின் மேல் திரும்பியது.

இந்த இடத்தில் ஆல்பா பற்றிச் சொல்லியாக வேண்டும். பின்னணி நீக்கிய பிஎன்ஜி படத்தில் வழக்கமாக ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண் இருக்கும். அதுவே ஆல்பா. 0 என்றால் அந்தப் பிக்சல் முற்றிலும் வெறுமை. 255 என்றால் முழுத் திண்மை. ஓரம் வெட்டும் கட்டளை ஓரத்திலிருந்து உள்நோக்கி வந்து, ஆல்பா 0 அல்லாத முதல் பிக்சலில் நின்றுவிடும். அது 255ஆக இருக்க வேண்டியதில்லை, வெறும் 1 போதும். 255இல் ஒரு பங்கு என்பது எந்தக் கண்ணுக்கும் தெரியாத அளவு. கண்ணுக்கு அது வெறுமை; கட்டளைக்கு அது பொருள்.

அப்படியான பேய்ப் பிக்சல்கள் ஓரத்தில் இருக்கின்றன என்று ஊகித்தேன். கண்ணால் பார்க்கத்தான் முடியவில்லை. கட்டம்போட்ட பின்புலத்தில் எதுவும் தெரியவில்லை. அடியில் முழுக் கறுப்பு லேயர் ஒன்று போட்டுப் பார்த்தேன், அதிலும் தெரியவில்லை. தெரியாதது நியாயம்தான், வெள்ளைப் பிக்சலே ஆனாலும் ஆல்பா 2 என்றால் கறுப்பு 0இலிருந்து 2 ஆகிறது, அதை எந்தத் திரையில் பிரித்துப் பார்ப்பது? அடுத்து `Layer → Transparency → Alpha to Selection` கொடுத்தேன். எறும்பு ஊர்வது போன்ற அந்தக் கோடு விளக்கைச் சுற்றி மட்டும் அழகாக ஓடியது. ஓரங்களில் எதுவும் இல்லை. 'அப்படியானால் ஓரம் சுத்தமாகத்தானே இருக்கிறது' என்று அரைமணி நேரம் தவறான திசையில் அலைந்தேன். அந்த எறும்புக்கோடு ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் தேர்வான இடத்தின் எல்லையை மட்டுமே காட்டும் என்பதை மறந்ததால் வந்த அலைச்சல் அது. ஆல்பா 2 உள்ள பிக்சலும் தேர்வுக்குள் இருக்கிறது. கோடு மட்டும் அதைச் சுற்றி வராது.

கடைசியில் பைத்தான் நிரல்மொழியை எடுத்தேன். பில்லோ நூலகத்தில் ஆல்பாவை மட்டும் பிரித்தெடுத்து, 0 அல்லாத எல்லாவற்றையும் முழு வெள்ளையாக்கி ஒரு படமாகச் சேமித்தால் போதும்.

```python
from PIL import Image
im = Image.open("vilakku1.png").convert("RGBA")
a = im.getchannel("A")
a.point(lambda v: 255 if v else 0).save("mask.png")
```

அந்தப் படத்தைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. விளக்கைச் சுற்றி வெள்ளை மேகம் ஒன்று படர்ந்து, நான்கு ஓரங்களையும் தொட்டுக்கொண்டிருந்தது. வலப்பக்கத்தில் வட்ட வட்டமாகத் தடங்கள், ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்த மாதிரி. மென்மையான விளிம்புள்ள அழிப்பான் கொண்டு பின்னணியைத் தேய்த்திருக்கிறார்கள். அந்தத் தூரிகையின் நடுப்பகுதி முழுதாக அழிக்கும். விளிம்பு பாதி அழிக்கும், கால் அழிக்கும், கடைசியில் ஒன்றிரண்டை மிச்சம் வைத்துவிடும். அழித்தவரின் கண்ணுக்கு அது சுத்தமாகவே தெரிந்திருக்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படியே எத்தனையோ கோப்புகளை அனுப்பியிருப்பேன்.

நோய் தெரிந்ததும் மருந்து கையிலேயே இருக்கிறது என்று தோன்றியது. கிம்ப்பில் `Layer → Transparency → Threshold Alpha` என்றொரு கட்டளை உண்டு. ஒரு வரம்பு எண் கொடுத்தால், அதற்குக் கீழே உள்ள ஆல்பாவை எல்லாம் 0 ஆக்கும், மேலே உள்ளதை எல்லாம் முழுமையாக்கும். கொடுத்தேன். மேகம் மறைந்தது, `Crop to Content` உடனே வேலை செய்தது. மகிழ்ச்சியோடு பெரிதாக்கிப் பார்த்தால் விளக்கின் வளைந்த கூண்டு விளிம்பு ரம்பப்பல் ஆகியிருந்தது. வளைவு வழுவழுப்பாகத் தெரிவதே விளிம்புப் பிக்சல்கள் 40, 120, 200 என்று படிப்படியாக ஆல்பா ஏறுவதால்தான். அந்தப் படிகளை எல்லாம் நான் 0 அல்லது 255 என்று நசுக்கிவிட்டேன். மேகத்தோடு சேர்த்து வளைவையும் கொன்றாயிற்று. செயல்நீக்கம் செய்து பழைய நிலைக்கு வந்தேன்.

இதிலிருந்து ஒரு வேலைமுறை கிடைத்தது. வரம்பு போட்டு நசுக்கிய ஆல்பாவை அளவெடுக்க மட்டும் பயன்படுத்த வேண்டும். வெட்டுவது எப்போதும் மூலப் படத்தை. தையற்காரர் அளவு நாடாவைத்தான் உடம்பில் இறுக்குகிறார், துணியை அல்லவே.

அடுத்த கேள்வி, எந்த வரம்பில் அளப்பது? ஐந்தா, பத்தா, ஐம்பதா? ஊகிக்காமல் பல வரம்புகளில் அளந்து பார்த்தேன்.

```python
for t in (0, 1, 3, 8, 16, 64):
    print(t, a.point(lambda v: 255 if v > t else 0).getbbox())
```

`getbbox` தருவது நான்கு எண்கள்: இடம், மேல், வலம், கீழ். முதல் விளக்குக்கு வந்தவை இவை.

```
0 (0, 0, 2400, 2400)
1 (214, 96, 2400, 2262)
3 (612, 388, 2318, 2132)
8 (612, 388, 2318, 2132)
16 (612, 388, 2318, 2132)
64 (613, 389, 2318, 2131)
```

இந்தச் சின்னப் பட்டியலை வாசிக்கக் கற்றுக்கொண்டதுதான் அன்றைக்கு எனக்கு மிகவும் பயன்பட்டது. வரம்பு 0இல் முழுச் சதுரம். அதாவது மேகம் எல்லா ஓரத்தையும் தொடுகிறது. 1இல் கொஞ்சம் சுருங்குகிறது. 3க்கு வந்ததும் எண்கள் ஒரு சமதளத்தில் நின்றுவிடுகின்றன: 3, 8, 16 எதைக் கொடுத்தாலும் ஒரே விடை. 64இல் ஒரு பிக்சல் மட்டும் உள்ளே போகிறது. அது விளிம்பின் மென்மையான படி. இப்படி எண்கள் அசையாமல் நிற்கும் இடமே பொருளின் உண்மையான எல்லை. அந்தச் சமதளத்துக்குள் எந்த எண்ணை எடுத்தாலும் சரி. நான் 8 எடுத்தேன்.

ஆனால் மூன்றாவது எண் உறுத்தியது. வலது எல்லை 2318. விளக்கு 1700 அருகே முடிந்துவிடுவது கண்ணுக்கே தெரிகிறது. வரம்பை 64 வரை ஏற்றியும் 2318 இம்மியும் நகரவில்லை. மேகமாக இருந்தால் வரம்பு ஏற ஏறக் கரைந்திருக்கும். நகராமல் நிற்கிறதென்றால் அங்கே நிஜமாகவே திண்மையான ஏதோ இருக்கிறது. வலப்பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து அளந்தேன்.

```python
m = a.point(lambda v: 255 if v > 64 else 0)
print(m.crop((1800, 0, 2400, 2400)).getbbox())
```

விடை `(511, 1904, 518, 1910)`. வெட்டியெடுத்த பகுதி 1800இல் தொடங்குவதால் அதைக் கூட்ட வேண்டும்: 2311 முதல் 2318 வரை. ஏழு பிக்சல் அகலம், ஆறு பிக்சல் உயரம் உள்ள ஒரு துணுக்கு. கிம்ப்பில் அந்த இடத்துக்குப் போய் எட்டு மடங்கு பெரிதாக்கினால், வெளிர்ச் சாம்பல் நிறத்தில் பழைய பின்னணியின் ஒரு தூசி. கட்டம்போட்ட பின்புலத்தின் சாம்பல் கட்டத்தோடு கலந்து ஒளிந்திருந்தது. சுற்றிலும் செவ்வகத் தேர்வு போட்டு அழித்தேன். இந்த மாதிரித் துணுக்கை எந்த வரம்பும் தீர்க்காது. கண்டுபிடித்துக் கையால்தான் எடுக்க வேண்டும். சேமித்து, கோப்பை மறுபடி திறந்து அளந்தேன்: `(612, 388, 1706, 2132)`.

இனி வெட்டலாம்.

```python
l, u, r, b = a.point(lambda v: 255 if v > 8 else 0).getbbox()
p = 2
box = (max(l-p, 0), max(u-p, 0), min(r+p, im.width), min(b+p, im.height))
im.putalpha(a.point(lambda v: 0 if v <= 3 else v))
im.crop(box).save("vilakku1-t.png", dpi=im.info.get("dpi", (300, 300)))
```

இதில் மூன்று விஷயங்களுக்கு விளக்கம் தேவை. முதலாவது, `p = 2`. ஒட்ட வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு ஏன் இரண்டு பிக்சல் விடுகிறேன்? படத்தைச் சுருக்கும்போது மென்பொருள் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து புதிய பிக்சலை உண்டாக்குகிறது. விளக்கின் விளிம்புக்கு வெளியே வெறுமையான பிக்சல் ஒன்றிரண்டு இருந்தால் கலவை மென்மையாக முடியும். படத்தின் ஓரமே விளக்கின் விளிம்பாக இருந்தால் கலக்க வெளியே எதுவும் இல்லை. விளிம்பு கத்தியால் சீவிய மாதிரி நிற்கும். வளைவின் உச்சியில் இது நன்றாகவே தெரியும், ஒரு சிறு தட்டையான வெட்டு போல. இன்னொரு காரணமும் உண்டு. வேறு படங்களில் வரம்பு 8 என்று வைத்தால் ஆல்பா 4, 5 உள்ள விளிம்புப் பிக்சல்கள் அளவுக்கு வெளியே போகலாம். அந்த இரண்டு பிக்சல் அவற்றையும் காப்பாற்றிவிடும். ஒரு பிக்சல்கூட விடக்கூடாது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

இரண்டாவது, `putalpha` வரி. மேகத்தை இங்கேதான் துடைக்கிறேன். ஆனால் `Threshold Alpha` போல மேலே உள்ளதைத் தொடுவதில்லை. 3 அல்லது அதற்குக் கீழே உள்ளதை மட்டும் 0 ஆக்கி, மற்றதை உள்ளபடியே விடுகிறேன். 40, 120, 200 என்ற படிகள் பத்திரம். வெட்டிய சட்டத்துக்குள் மேகம் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாதே, ஏன் துடைக்க வேண்டும் என்று கேட்கலாம். இதே படத்தை நாளை வேறொருவர் எடுத்து ஓரம் வெட்ட நினைத்தால், அவரும் என்னைப்போல் அரைநாள் அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, `dpi`. இது என் பிழையால் தெரிந்துகொண்டது. முதல் தடவை அந்தப் பகுதியை எழுதாமல் சேமித்தேன். பில்லோ பிஎன்ஜியைச் சேமிக்கும்போது நாம் கேட்காவிட்டால் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற குறிப்பை எழுதுவதில்லை. திரைக்கான பக்கத்தில் பிக்சல் கணக்கிலேயே வேலை செய்ததால் எனக்குத் தெரியவில்லை. அச்சுக்கான பக்கத்தில் மில்லிமீட்டரில் வைத்துப் பார்த்தபோதுதான் விளக்கு மூன்று நான்கு மடங்கு பெரிதாக வந்து விழுந்தது.

ஐந்தாவது, ஆறாவது விளக்குகளுக்கு இந்தப் பாடு எதுவும் தேவைப்படவில்லை. அவை சுத்தமாக வந்திருந்தன. இமேஜ்மேஜிக் என்ற கட்டளைவரிக் கருவியில் ஒரே வரியில் முடித்தேன்.

```
magick vilakku5.png -trim +repage -bordercolor none -border 2 vilakku5-t.png
```

இதில் `+repage` முக்கியம். அது இல்லாவிட்டால், இந்தப் படம் முன்பு 2400 சதுரத்தில் இன்ன இடத்தில் இருந்தது என்ற குறிப்பு கோப்போடு ஒட்டிக்கொண்டு வரும். சில மென்பொருள்கள் அந்தக் குறிப்பை மதித்துப் படத்தைப் பழையபடி தள்ளி வைக்கும், சில மதிக்காது. எது என்ன செய்யும் என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிடக் குறிப்பை நீக்கிவிடுவது நிம்மதி.

இனி அடுத்த முட்டாள்தனம். வெட்டிய கோப்பைப் பழைய கோப்பின் பெயரிலேயே சேமித்தால் இங்க்ஸ்கேப்பில் இணைத்து வைத்த படம் தானாகவே புதுப்பிக்கப்படுமே என்று அப்படியே செய்தேன். (மூலக் கோப்பை வேறோர் அடைவில் பிரதி எடுத்து வைத்திருந்தேன், அந்த அளவு புத்தி இருந்தது.) புதுப்பிக்கப்பட்டது உண்மை. ஆனால் விளக்கு பூசணிக்காய் ஆகியிருந்தது. பக்கத்தில் இருந்த சட்டம் இன்னமும் 1200க்கு 1200 சதுரம். புதிய படமோ 1098க்கு 1748, ஒல்லியான நெட்டைப் படம். அதைச் சதுரத்துக்குள் நிரப்பினால் பக்கவாட்டில் உப்பத்தானே செய்யும். இணைத்து வைத்த படத்தின் கோப்பை மாற்றினால் சட்டத்தின் அளவையும் நாமே மாற்றிக் கொடுக்க வேண்டும்.

அளவு எளிது. பாதி அளவு என்பதால் அகலம் 549, உயரம் 874. இடத்துக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விளக்கு முன்பு இருந்த அதே இடத்தில் இருக்க வேண்டுமானால், வெட்டியெடுத்த ஓரத்தின் அளவைச் சுருக்க விகிதத்தால் பெருக்கிப் பழைய இடத்தோடு கூட்ட வேண்டும். இடப்பக்கம் வெட்டியது 610, பாதி 305. பழைய இடம் 300, ஆகப் புதிய இடம் 605. மேலே வெட்டியது 386, பாதி 193. பழைய 200உடன் சேர்த்து 393. இந்த நான்கு எண்களையும் மேலேயுள்ள X, Y, W, H பெட்டிகளில் தட்டியதும் விளக்கு முன்பிருந்த அதே இடத்தில், பிக்சல் பிசகாமல் வந்து நின்றது. அகல உயரங்களைத் தட்டும்போது அவற்றுக்கு நடுவே உள்ள பூட்டைத் திறந்து வைக்க வேண்டும். பூட்டியிருந்தால் ஒன்றை மாற்றும்போது மற்றதும் கூடவே மாறி, சதுரம் சதுரமாகவே இருக்கும்.

ஆனால் எனக்கு வேண்டியது பழைய இடம் இல்லையே, மேசைக் கோடுதானே. கோடு 1400இல். படத்தின் உயரம் 874. கழித்தால் 526. நான் விட்டுவைத்த இரண்டு பிக்சல் ஓரம் பாதி அளவில் ஒரு பிக்சலாகக் கீழே நிற்கிறது என்பதால் ஒன்று கூட்டி 527. விளக்கு மேசையில் உட்கார்ந்தது. அந்தரம் போயிற்று.

மூன்றாவது விளக்கில் வேறொரு சிக்கல். அதன் அடியில் மென்மையான நிழல் ஒன்றை விட்டுவைத்திருந்தார்கள். அதே சோதனையை ஓட்டினேன். இந்த முறை கீழ் எல்லை மட்டும் இப்படி வந்தது: வரம்பு 3இல் 2221, 8இல் 2203, 16இல் 2184, 64இல் 2139. சமதளமே இல்லை, படிக்கட்டு. நிழலுக்கு எல்லை என்று ஒன்று கிடையாது, அது மங்கி மங்கி மறைகிறது. எந்த எண்ணில் வெட்டினாலும் எங்கோ ஓரிடத்தில் நிழலை அறுக்கிறோம்.

முதல் விளக்குக்குப் போட்ட 8ஐயே போட்டு வெட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தில் நிழலின் கீழே மெல்லிய நேர்க்கோடு ஒன்று தெரிகிற மாதிரி இருந்தது. முதலில் பிரமையோ என்று நினைத்தேன். கறுப்பு நிழலின் ஆல்பா 8 என்றால் வெள்ளை 255இலிருந்து 247க்கு இறங்குகிறது. ஒற்றைப் பிக்சலில் அந்த வித்தியாசம் தெரியாது. ஐந்நூறு பிக்சல் நீளத்துக்கு நேர்க்கோடாக நின்றால், பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தால், கண் அதைப் பிடித்துவிடும். வரம்பை 2க்கு இறக்கினேன். அதில் கீழ் எல்லை 2228. மிஞ்சியிருந்த மேகத் துண்டுகளை நிழலுக்கு வெளியே தேர்வு போட்டுக் கையால் அழித்தேன். துடைக்கும் வரியிலும் 3க்குப் பதில் 1 என்று மாற்றினேன். கோடு மறைந்தது.

ஆனால் இப்படி வெட்டிய படத்தின் கீழ் ஓரம் நிழலின் ஓரம், விளக்கின் அடி அல்ல. அதைக் கோட்டோடு ஒட்டினால் விளக்கு மறுபடியும் மிதக்கும். ஆகவே இந்த விளக்குக்கு இரண்டு தடவை அளந்தேன். வெட்டுவதற்கு வரம்பு 2. வைப்பதற்கு வரம்பு 200. நிழலின் அதிகபட்ச ஆல்பா நூறைத் தாண்டாது என்பதால் 200இல் அளந்தால் திண்மையான விளக்கு மட்டுமே மிஞ்சும். அதன் அடி 2096இல் வந்தது. 2228க்கும் அதற்கும் 132 பிக்சல் வித்தியாசம், விட்டுவைத்த ஓரம் 2ஐயும் சேர்த்தால் 134, பக்கத்தில் 67. படத்தின் கீழ் ஓரத்தைக் கோட்டுக்கு 67 பிக்சல் கீழே, 1467இல் வைத்தேன். விளக்கு கோட்டில் நிற்க, நிழல் கோட்டுக்குக் கீழே மேசைப் பரப்பில் விழுந்தது.

மீதி விளக்குகள் இந்த இரண்டு வகைகளில் ஏதோ ஒன்றில் அடங்கின. எல்லாவற்றையும் நடுவில் வைக்கச் சொல்லி, ஆறு பக்கங்களையும் வரிசையாகத் திறந்து பார்த்தேன். ஐந்து விளக்குகள் நேராக நின்றன. முதல் விளக்கு இன்னமும் இடப்புறம் ஒதுங்கியே இருந்தது.

எண்களைச் சரிபார்த்தேன். அகலம் 549, இடம் 625.5. பக்கத்தின் நடுவுக்கு இருபுறமும் சமம். கணக்கில் தவறில்லை. பிறகுதான் கண்ணில் பட்டது: அந்த விளக்குக்கு மட்டும் மின்கம்பி உண்டு. அடிப்பாகத்திலிருந்து கம்பி வலப்பக்கமாக நீண்டு வளைந்து கிடக்கிறது. விளக்கின் கூண்டு 612இலிருந்து 1530 வரைதான். 1530இலிருந்து 1706 வரை இருப்பது வெறும் கம்பி. எல்லைச் சட்டத்துக்குக் கூண்டும் கம்பியும் ஒன்றே. பார்க்கிறவர் கண் கம்பியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கூண்டையும் தண்டையும்தான் நடுவில் எதிர்பார்க்கிறது. தண்டு 1071இல் இருக்கிறது. வெட்டிய படத்தில் இடப்பக்கம் 461 பிக்சல், வலப்பக்கம் 637. பக்கத்தில் பார்த்தால் தண்டு நடுவிலிருந்து 44 பிக்சல் தள்ளி நின்றது. ஒட்ட வெட்டாத பழைய கோப்பில் இது 64ஆக இருந்தது. வெட்டியதால் குறைந்தது, ஆனால் தீரவில்லை.

ஒரு வழி, தண்டின் மேல் வழிகாட்டிக் கோடு போட்டு, நடுவில் வைக்கும் பொத்தானை இந்த ஒரு படத்துக்கு மட்டும் பயன்படுத்தாமல் X பெட்டியில் 669.5 என்று தட்டுவது. இன்றைக்கு அது போதும். ஆனால் இந்தக் கோப்பு வேறு பக்கங்களுக்கும் போகும், அங்கே வேறொருவர் அந்தப் பொத்தானை அழுத்தத்தான் போகிறார். ஆகவே கோப்பையே சமன்படுத்தினேன்: இடப்பக்கம் 176 பிக்சல் வெறுமையைச் சேர்த்தேன். இப்போது தண்டுக்கு இருபுறமும் 637. மொத்த அகலம் 1274.

```
magick vilakku1-t.png -background none -gravity east -extent 1274x1748 vilakku1-nadu.png
```

பக்கத்தில் அகலம் 637, உயரம் முன்போலவே 874. நடுவில் வை என்றதும் X 581.5க்குப் போனது, தண்டு சரியாக 900இல் வந்து நின்றது. காலையிலிருந்து ஓரத்தை வெட்டி வெட்டிக் களைத்தவன், மாலையில் உட்கார்ந்து 176 பிக்சல் ஓரத்தைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த நண்பர் ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனார். கோப்பின் பெயரில் `nadu` என்று சேர்த்ததோடு, பக்கத்திலேயே ஒரு சிறு உரைக் கோப்பும் வைத்திருக்கிறேன்: "இடப்பக்க வெறுமை வேண்டுமென்றே விட்டது. வெட்ட வேண்டாம்."